சாவடியில் பேசும் தமிழ்

கிராமத்துக்குக் கண் முகாம் போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு தாள் இருக்கும். மேலே மருத்துவமனையின் சின்னம், கீழே ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியம். வந்திருப்பவர்கள் யார், எதற்காக வந்திருக்கிறார்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லும் அறிமுக உரை. அதை ஊர்ச் சாவடியில் மைக் பிடித்துத் தமிழில் சொல்லும் வேலை, முகாம் பொறுப்பாளர் தலையில் விழும். சில சமயம் கூட வந்த நர்ஸிடம், "உங்களுக்குத்தான் நல்லாப் பேச வருமே" என்று தள்ளிவிடுவார்கள்.

தாளை வாங்கியவர் இரவே உட்கார்ந்து மொழிபெயர்த்துவிடுவார். மறுநாள் படிப்பார். கூட்டம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். முடிந்ததும் முன்வரிசைப் பாட்டி பக்கத்துப் பெண்ணிடம் "என்னத்தாடி சொல்லுது அந்தப் பிள்ள?" என்று கேட்பார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழைகூட இருந்திருக்காது.

தென் மாவட்டங்களில் கண் முகாம் புதிய விஷயமில்லை. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்குவதற்கு முன்பே இங்கே முகாம்கள் நடந்திருக்கின்றன. 'கேம்ப்' என்றால் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே சிக்கல் விஷயத்தில் இல்லை, அதைச் சொல்லும் விதத்தில்தான். ஒரு மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு, அது சாவடிப் பேச்சாக மாறுவதற்கு என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்று பார்க்கலாம்.

நம் தாளின் இரண்டாவது வாக்கியம், அகராதி பார்த்து மொழிபெயர்த்தால், இப்படி வரும்: "எங்கள் நிறுவனமானது, தவிர்க்கக்கூடிய பார்வையின்மையை, குறிப்பாகச் சேவைகள் சென்றடையாத ஊரக மக்களிடையே, ஒழிப்பதற்குத் தன்னை அர்ப்பணித்துக்கொண்ட, இலாப நோக்கற்ற உயர்நிலைக் கண் சிகிச்சை அமைப்பாகும்."

இதைச் சரிசெய்ய உட்காருகிறவர்கள் முதலில் செய்வது சொல் மாற்றம். 'பார்வையின்மை'க்குப் பதில் 'கண் தெரியாமல் போவது', 'ஊரக மக்கள்' என்பதற்குப் பதில் 'கிராமத்து மக்கள்'. மாற்றிப் பாருங்கள், வாக்கியம் அப்படியேதான் விறைத்துக்கொண்டு நிற்கும். விறைப்பு சொல்லில் இருப்பதைவிட வாக்கியத்தின் எலும்பில் இருக்கிறது. அதற்கும் முன்னால், இந்த வாக்கியம் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். நன்கொடை கொடுப்பவருக்காகவும், அறிக்கை கேட்கும் அலுவலகத்துக்காகவும் எழுதப்பட்டது. அவர்களிடம் 'சேவை எட்டாத மக்கள்' என்று சொல்லலாம். அந்த மக்களையே எதிரில் உட்காரவைத்துக்கொண்டு 'சேவை எட்டாத மக்களாகிய நீங்கள்' என்று சொல்ல முடியுமா? பெண் பார்க்கப் போன வீட்டில் 'வசதி குறைந்த குடும்பம்' என்று பேச்சைத் தொடங்குவதுபோல் ஆகிவிடும்.

சாவடியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வாக்கியத்திலிருந்து வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் யார், காசு கேட்பீர்களா? அதற்கான பதில் இரண்டே வரி. "நாங்க டவுன்ல இருக்கிற கண்ணாஸ்பத்திரியில இருந்து வந்திருக்கோம். இன்னைக்கு இங்க கண்ணு பாக்குறதுக்குக் காசு எதுவும் கிடையாது." அர்ப்பணிப்பு, ஒழிப்பு, உயர்நிலை எல்லாம் தாளிலேயே இருக்கட்டும். இப்படி வெட்டுவதற்குத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை. மேலதிகாரி எழுதிக்கொடுத்ததில் ஒரு சொல் விட்டாலும் குற்றம் என்று நினைக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் புரியாமல் கேட்டுவிட்டுப் போவது அதைவிடப் பெரிய குற்றம் என்பது என் கட்சி.

எலும்புக்கு வருவோம். நாலாவது வாக்கியத்தின் எழுத்துத் தமிழ் இது: "அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதாகக் கண்டறியப்படும் நோயாளிகள் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அவர்களுக்குத் தங்குமிடம், உணவு மற்றும் அறுவைச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படும்."

இதில் ஆள் யாருமே இல்லை. கண்டறிவது யார், அழைத்துச் செல்வது யார், வழங்குவது யார்? எல்லாம் தானாக நடக்கிறது. ஆங்கில அலுவலக நடையில் அது வழக்கம். வீட்டுத் தமிழில் 'படு' என்பது இந்த வேலைக்கு வருவதே இல்லை. யாரும் 'மாடு பிடித்துக் கட்டப்பட்டது' என்று சொல்வதில்லை, 'மாட்டப் புடிச்சுக் கட்டியாச்சு' என்பார்கள். ஆகவே முதலில் ஆளைக் கொண்டுவர வேண்டும். டாக்டர் பார்ப்பாங்க, நாங்க கூட்டிட்டுப் போவோம், ஆஸ்பத்திரியில சோறு போடுவாங்க.

அடுத்தது, 'தேவைப்படுவதாகக் கண்டறியப்படும் நோயாளிகள்' என்ற தொடர். யாரைப் பற்றிப் பேச்சு என்பதே கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. படிக்கும்போது கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும், காதுக்கு அந்த வசதி கிடையாது. பேச்சுத் தமிழ் இந்த இடத்தில் '-ன்னா' போட்டுச் சமாளிக்கும். "ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாங்கன்னா, நாங்களே வண்டி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, ஆபரேஷன் முடிச்சு, திரும்ப இதே சாவடியில கொண்டாந்து விட்ருவோம்."

கவனித்தீர்களா, இதுவும் நீளமான வாக்கியம்தான். எளிமையாகப் பேசுவது என்றால் நாலு சொல்லுக்கு ஒரு புள்ளி வைப்பது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படிப் பேசினால் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதுபோல் இருக்கும், பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நம் ஊர்க் கதை சொல்லிகள் மூச்சு விடாமல் 'போயி, பாத்து, கேட்டு, வாங்கி, வந்து' என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், யாருக்கும் குழப்பம் வராது. நடந்த வரிசையிலேயே வினை வருவதுதான் காரணம். வரிசை மாறாதவரை நீளம் பிரச்சினை இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம். அந்த வாக்கியத்தில் 'நோயாளிகள்' என்ற சொல் காணாமல் போய்விட்டது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்களை நோயாளிகள் என்றோ பயனாளிகள் என்றோ அழைக்கவே வேண்டாம். 'உங்கள்ல யாருக்காவது', 'உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு' என்று நேராகப் பேசலாம்.

ஆங்கிலத்தில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் ஒரே சொல். தாளில் ஐந்து இடத்தில் அது வந்தால், ஒவ்வொரு இடத்திலும் எது என்று முடிவு செய்ய வேண்டும். கூட்டத்தோடு நெருக்கம் காட்ட வேண்டும் என்று நினைத்து எல்லா இடத்திலும் 'நாம' போடுகிறவர்கள் உண்டு. 'நாம ஆபரேஷன் பண்ணுவோம்' என்றால், நாம என்னத்த ஆபரேஷன் பண்ண என்று பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பும். நேர்மாறாக, 'வயசானா உங்களுக்கு இது வரும்' என்று சொன்னால் சாபம் போலக் கேட்கும். அங்கே 'வயசானா நமக்கெல்லாம் வரக்கூடியதுதான்' என்பதே சரி. குழு செய்கிற வேலைக்கு 'நாங்க', மனிதர் எல்லோருக்கும் பொதுவானதற்கு 'நாம'. இது ஒன்றைச் சரியாகச் செய்தாலே பேச்சில் பாதி வெளியூர் வாடை போய்விடும்.

இனி சொற்கள். புத்தகத் தமிழ் வேண்டாம் என்றால் ஆங்கிலத்தைக் கலப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அளவுகோல் அதுவல்ல. அந்தச் சொல்லை ஊர்க்காரர் தன் வாயால் சொல்லியிருக்கிறாரா என்பதுதான் அளவுகோல். ஆபரேஷன், லென்ஸ், சுகர், பிரஷர் எல்லாம் ஊர்ச் சொற்களாகிப் பல காலம் ஆகிறது. 'நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள்' என்று கேட்டால் எழுந்து நிற்காதவர்கள், 'சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுறவங்க' என்றால் கை தூக்குவார்கள். ஆனால் 'கேட்டராக்ட்', 'ஸ்கிரீனிங்', 'அட்டெண்டர்' ஆகியவை டாக்டரைச் சுற்றி இருப்பவர்களின் சொற்கள். அட்டெண்டர் என்றால் ஊரில் அலுவலகப் பியூன் என்றே பொருள்படும். அதற்குக் 'கூட ஒரு ஆளு' போதும். மறுபக்கம், பேச்சுத் தமிழ் என்று நினைத்து நல்ல தமிழ்ச் சொற்களை வீணாகக் கழிக்கவும் வேண்டாம். மகசூல், நிவாரணம், ஊராட்சி, தவணை எல்லாம் ஊரில் தினமும் புழங்குகிற சொற்களே.

'புரை' என்ற சொல்லில்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கண் மங்கியவர்களை ஊரில் 'பூ விழுந்திருக்கு' என்பார்கள், 'சதை வளருது' என்பார்கள். காதுக்கு இயல்பாக இருக்கிறதே என்று அவற்றை எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம். கருவிழியில் புண் ஆறி வெள்ளைத் தழும்பு விழுந்தாலும் அது 'பூ'தான். வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் படரும் சவ்வுக்கும் 'சதை' என்றே பெயர். அவை வேறு, அவற்றுக்கான வைத்தியமும் வேறு. 'பூ விழுந்தவங்க எல்லாம் வாங்க, ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிருவோம்' என்று மைக்கில் சொல்லிவிட்டால், சின்ன வயதில் அம்மையில் கருவிழி கெட்டுப்போன ஒருவர் ஆசையோடு வந்து நிற்பார், அவருக்கு டாக்டர் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் 'புரை' என்றே சொல்லிவிட்டு, அது என்னவென்று விளக்குவது நல்லது.

விளக்கும்போது உவமை கைக்கு வரும். விளக்குச் சிமினியில் புகை படிந்த மாதிரி என்பார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் புகை என்றால் துடைத்தால் போய்விடும். 'அப்போ சொட்டு மருந்து விட்டாப் போயிராதா?' என்ற கேள்வி உடனே வரும். புரை என்பது லென்ஸ் மேல் படிகிற அழுக்கு அல்ல, கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸே மங்கிப்போவது. சொட்டு மருந்துக்கு அது தெளியாது. பழைய பிளாஸ்டிக் டப்பா மஞ்சள் பூத்துப்போகிற மாதிரி என்று சொன்னால், தேய்த்தால் போகாது, மாற்றத்தான் வேண்டும் என்பது கூடவே புரிந்துவிடும்.

எளிமையாகச் சொல்லும் வேகத்தில் தப்பிப்போகிற இன்னொன்று, ஆங்கிலத் தாளில் இருக்கும் தயக்கம். 'பெரும்பாலானோருக்குப் பார்வை மேம்படக்கூடும்' என்று அது அளந்து பேசியிருக்கும். பேச்சில் அது 'பளிச்சுனு தெரியும்' என்று ஆகிவிடும். புரை மட்டுமே காரணம் என்றால் பெரும்பாலும் நன்றாகத் தெரியும். கண் நரம்பு கண்பிரஷரால் கெட்டிருந்தாலோ, சுகரால் விழித்திரை பாதித்திருந்தாலோ, லென்ஸை மாற்றினாலும் அந்த அளவுக்குத் தெரியாது. இதையும் வீட்டுத் தமிழிலேயே சொல்லலாம்: "உள்ள நரம்புல கோளாறு இருந்தா, ஆபரேஷன் பண்ணுனாலும் முழுசாத் தெரியாது. அத டாக்டரு பாத்துட்டு மொதல்லயே சொல்லிருவாங்க." இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டு, ஒருவருக்குப் பார்வை வராமல் போனால், அடுத்த வருடம் அந்த ஊரில் கூட்டம் சேராது.

குழாய் ஸ்பீக்கர் தனிக் கதை. திறந்த வெளியில், எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும் ஒலியில், சொற்களின் வால்தான் முதலில் தேய்ந்து போகும். தமிழிலோ காலம், ஆள், ஆம் இல்லை எல்லாமே வாலில்தான் இருக்கின்றன. 'வெறும் வயித்தோட வரக்கூடாது' என்பதில் கடைசிச் சொல் காற்றில் போனால் மிஞ்சுவது 'வெறும் வயித்தோட வர'. ஆபரேஷன் என்றாலே பட்டினி என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் ஊரில், சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுகிற ஆபத்து இருக்கிறது. அதனால் எதிர்மறையில் சொல்லாமல், 'காலையில வழக்கம்போலச் சாப்டுட்டே வாங்க, மாத்திரையும் போட்டுட்டே வாங்க' என்று நேராகச் சொல்ல வேண்டும். காசு இல்லை என்பதையும் இரண்டு முறை, வேறு வேறு விதமாகச் சொல்ல வேண்டும்.

வானொலிக்காரர்களுக்கு இதெல்லாம் எப்போதோ தெரிந்த வித்தை. 1960-களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏடிடி 27 என்ற நெல்லைப் போட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. காதால் மட்டும் கேட்டு ஒருவர் தன் வயலில் புது விதையைப் போடத் துணிகிறார் என்றால், அந்தப் பேச்சு காதுக்கு ஏற்றதாக இருந்திருக்க வேண்டும்.

வட்டார வழக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. சிவகங்கைப் பக்கம் 'வந்தாக, போனாக' என்பார்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் சொல்லுக்குச் சொல் 'ங்க' ஒட்டும். அந்த ஊரில் பிறக்காதவர் அதைப் போட்டுப் பேசினால் கேலி செய்வதுபோல் இருக்கும். எல்லோருக்கும் பொதுவான பேச்சுத் தமிழ், அதோடு அய்யா, அம்மா, அக்கா போதும். மேடையில் யார் பெயரை முதலில் சொல்வது என்பதை மட்டும் ஊர்க்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் பிசகினால் எந்தத் தமிழும் காப்பாற்றாது.

இவ்வளவும் செய்தபின் நம் தாள் ஏறக்குறைய இப்படி வந்து நிற்கும்:

"தலைவர் அய்யா, ஊர்ப் பெரியவங்க, அம்மா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நாங்க டவுன்ல இருக்கிற கண்ணாஸ்பத்திரியில இருந்து வந்திருக்கோம். இன்னைக்கு மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பள்ளிக்கூடத்துல உக்காந்து எல்லாருக்கும் கண்ணு பாக்கப் போறோம். காசு எதுவும் கிடையாது.

வயசானா நமக்கெல்லாம் கண்ணு மங்குறது உண்டு. பல பேருக்கு அது புரையாத்தான் இருக்கும். கண்ணுக்குள்ள ஒரு லென்ஸு இருக்கு. பழைய பிளாஸ்டிக் டப்பா மஞ்சப் பூத்துப் போகுதுல்ல, அந்த மாதிரி அது மங்கிப் போயிரும். சொட்டு மருந்துக்கெல்லாம் அது போகாது. அத எடுத்துட்டு வேற லென்ஸு வச்சாத்தான் சரியாகும். புரை மட்டும் இருந்துச்சுன்னா பெரும்பாலும் நல்லாத் தெரியும். உள்ள நரம்புல கோளாறு இருந்தா முழுசாத் தெரியாது, அத டாக்டரு மொதல்லயே சொல்லிருவாங்க.

ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாங்கன்னா, நாங்களே வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போயி, ஆபரேஷன் முடிச்சு, திரும்ப இதே சாவடியில கொண்டாந்து விட்ருவோம். ஆபரேஷனு, லென்ஸு, தங்குறது, சாப்பாடு, வண்டி, எதுக்கும் நீங்க பைசா குடுக்க வேண்டாம். கட்டாயம் ஒண்ணுமில்ல, வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லலாம்.

இப்ப உள்ள வந்தீங்கன்னா சில பேருக்குக் கண்ணுல மருந்து விடுவாங்க. கொஞ்ச நேரம் மங்கலா இருக்கும், பயப்படாதீங்க, தானா சரியாயிரும். சுகரு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறவங்க அந்தச் சீட்டையும் மாத்திரையையும் எடுத்துட்டு வாங்க."

சொட்டு மருந்தால் மங்கும் என்பது மூலத் தாளில் இல்லை. எழுதியவருக்கு அது சாதாரண விஷயம், சொல்ல வேண்டும் என்றே தோன்றியிருக்காது. ஆனால் இருந்த பார்வையும் போய்விட்டதே என்று ஒரு பாட்டி அலறினால் வரிசை கலைந்துவிடும்.

இதை எழுதி வைத்துக்கொள்ளும்போது பேசுகிற மாதிரியே எழுத வேண்டும். தாளில் 'வந்திருக்கிறோம்' என்று இருந்தால், மைக்கைப் பிடித்ததும் வாய் அதையே வாசிக்கும். பேச்சு எழுத்தைப் பார்த்து வாசிக்கக் கூச்சமாக இருந்தால், ஒரு மூச்சுக்கு ஒரு வரியாகக் குறிப்பு மட்டும் எழுதிக்கொள்ளலாம்: யார், காசில்லை, புரை, வண்டி, கட்டாயமில்லை, மருந்து, மாத்திரை.

தமிழாக்கத்தைச் சோதிக்க, அதை வேறு ஒருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடும் பழக்கம் பல நிறுவனங்களில் இருக்கிறது. தகவல் விட்டுப்போனதா என்று அதில் தெரியும். விறைப்பு தெரியாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த கட்டைத் தமிழ்தான் திரும்ப ஆங்கிலமாகும்போது மூலத்தோடு அச்சாகப் பொருந்தும், அதற்குத்தான் முழு மதிப்பெண் கிடைக்கும். இதைவிட நல்ல சோதனை, கூட்டத்துக்கு முன்னால் டீக்கடையிலோ நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலோ ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பது. 'புரிஞ்சுச்சா?' என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். 'இத உங்க வீட்டுல போயி எப்படிச் சொல்லுவீங்க?' என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும்போது எதை விடுகிறாரோ அது நம் பேச்சில் பதியவில்லை. எந்தச் சொல்லை மாற்றுகிறாரோ அந்தச் சொல்லை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அறிமுகம் முடிந்ததும் கேள்விகள் வரும். அங்கே பதில் சொல்லத் தாள் இல்லை, ஆனால் வரும் கேள்விகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால் பதில்களை முன்பே இதே தமிழில் யோசித்து வைத்துக்கொள்ளலாம். 'தையல் போடுவீகளா?', 'அடுப்புல நிக்கலாமா?', 'மாடு பாக்க எத்தன நாள் ஆகும்?' இவற்றுக்கு டாக்டரிடம் பதில் கேட்டு வைத்துக்கொண்டு போக வேண்டும். 'ரெண்டு கண்ணையும் ஒரே நாள்ல பண்ணிருவீங்களா?' என்பதும் கட்டாயம் வரும். அதற்கு, "இல்லம்மா, பொதுவா மொதல்ல ஒரு கண்ணுதான். அது ஆறுன பெறகு இன்னொண்ண எப்பப் பண்ணலாம்னு டாக்டர் சொல்லுவாங்க."